எட்டாவது போதும்

அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தி என்னைக் கட்டிக்கொடுத்தவர் என் அண்ணன் குப்பண்ணன். தாலியறுத்துத் திரும்பி வந்தவளுக்கு மாட்டுக்கொட்டகை வேலையைக் கொடுத்தார். இருபத்தெட்டு வயதில், தனியாகப் படித்து, பாலக்காட்டில் எட்டாவது சர்க்கார் பரீட்சை எழுதித் தேறினேன். இப்போது வருகிறவர்களிடமெல்லாம், "நாந்தானுங்க படிக்க வச்சேன்" என்கிறார்.

ஆசிரியப் பயிற்சிக்கான விண்ணப்பத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"சம்பளத்துக்கு வாத்திச்சி வேலையா? நம்ம ஊட்டுக்கே கேவலம். பத்தாவது படி, கமலாத்தா."

பத்தாவதுக்கு ஹைஸ்கூலில் சேர வேண்டும். இந்த வயதில் எவரும் சேர்க்கமாட்டார்கள் என்று போன மாசம் விசாரித்துவந்து சொன்னவரே அவர்தான். பயிற்சிக்கு எட்டாவது போதும். விடுதியும் உதவித்தொகையும் உண்டு.

"சாணி அள்ள வேற ஆள் பாத்துக்குங்கண்ணா," என்றேன்.

கையைக் கழுவிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.