பொரிக்குப் போட்ட பால்சோறு

லட்சுமணசாமி கெட்டவர் இல்லீங்க. அதுதான் இந்தக் கதையில பெரிய இம்சையே. கெட்டவரா இருந்தா நாலு வார்த்தை திட்டிபோட்டு நானும் என் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போயிருப்பேன்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வெச்சிருந்த மனுஷன். தோப்பைத் தம்பி கையில குடுத்துபோட்டு, போத்தனூர்ல ஒரு அபார்ட்மெண்டுல நாலாவது மாடியில வந்து உக்காந்தாரு. ஒரே பொண்ணு அக்ஷயா. ஜெர்மனியில வேலைக்கு முயற்சி பண்ணி, ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்துல கைநழுவிப் போயிட்டே இருந்துச்சு. அந்தப் புள்ள ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அழுதா, இவருக்கு இங்க சோறு இறங்காது. ஒருநாள் பழனிக்குப் போயி வேண்டிக்கிட்டாரு. "முருகா, எம்பொண்ணுக்கு வேலை கெடைச்சா, எங்கூட்டுல கவுச்சிங்கறதே நுழையாது."

வேலை கெடைச்சுது. கறி, மீன், முட்டை எல்லாம் அந்த மாசத்தோட நின்னுது. வெள்ளாட்டுக் கறின்னா உசிரை விடற மனுஷன், ஒரு தடவை கூட வாய் பிசகல. அதுல அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

அக்ஷயா போகும்போது தன் பூனையை விட்டுட்டுப் போனா. வெள்ளை ஒடம்பு, அங்கங்க பழுப்புப் புள்ளி, பேரு பொரி. "அப்பா, இந்த மூட்டையில இருக்கற தீனிதான் போடணும், தீர்ந்தா இதே மாதிரி வாங்குங்க"ன்னு சொல்லிச் சொல்லி, ஏர்போர்ட்டுல கண்ணைத் துடைச்சுக்கிட்டே இன்னொரு தடவையும் சொன்னா.

அவ போன மறுவாரம் லட்சுமணசாமி அந்த மூட்டையைத் திருப்பிப் படிச்சாரு. கோழி, மீனு. மூக்குகிட்ட கொண்டுபோனா கருவாட்டு வாசம்.

"ஏனுங்க, பூனைக்குமா வேண்டுதல்?" சம்சாரம் பழனாத்தாள் கேட்டுப் பார்த்தாங்க.

"ஊட்டுக்குள்ள நுழையாதுன்னு சொல்லிப்போட்டேன் அம்மணி. பூனை வாயி மட்டும் ஊட்டுக்கு வெளியவா இருக்குது? நம்ம தோப்புல எத்தனை பூனை வளர்ந்துது. எல்லாம் பால்சோறு தின்னுதான் கிழடு தட்டற வரைக்கும் இருந்துது."

மூட்டை வாட்ச்மேன் கைக்குப் போச்சு.

அதுக்காகப் பட்டினி போட்டாங்கன்னு நினைச்சுப்போடாதீங்க. பாலுன்னா நல்ல பாலு. தயிர்சோறு, பன்னீரு, பருப்புச்சோத்துல நெய்யி. கண்ணுக்கு நல்லதுன்னு பழனாத்தாள் கேரட்டை வேகவெச்சு மசிச்சு வெரல்ல ஊட்டுவாங்க. பொரி முதல்ல மொகத்தைத் திருப்புச்சு. பசி வந்தா பத்தும் பறந்துபோகும்ல, பொறவு தின்னுச்சு. தின்னு தின்னு கொழுகொழுன்னு ஆச்சு. போன்ல அக்ஷயா, "சாப்பிடறானாப்பா?"ன்னா, "வயிறாரத் திங்கறான் கண்ணு"ன்னுவாரு. அது பொய்யும் இல்லை பாருங்க. என்ன திங்கறான்னு அவ கேக்கல, இவரு சொல்லல.

ஒரு வருஷம் தாண்டுன பொறவு, பொரி சோபாக் காலுல முட்டிக்க ஆரம்பிச்சான். பால்கனியில புறாவுக்குக் கட்டுன வலைகிட்ட போயி உக்காந்துக்குவான், புறா வந்து எதிர்ல சிறகடிச்சாலும் திரும்ப மாட்டான். "சோம்பேறிப் பய"ன்னு லட்சுமணசாமி சிரிச்சாரு. பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகமே இருண்டுபோச்சுன்னு நினைக்குமாம். இந்த ஊட்டுல கண்ணை மூடிக்கிட்டது ரெண்டு மனுஷங்க.

அப்பறம் ஒரு காலையில பொரி வாயைத் தொறந்துக்கிட்டு நாய் மாதிரி மூச்சு வாங்குனான். வயிறு மேலயும் கீழயும் போச்சு. கூடையில போட்டுத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் ஓடுனாங்க.

கிளினிக்குல டாக்டர் ஹிபா. சின்ன வயசுதான், ஆனா கை தெளிவு. பார்த்ததும் ஒண்ணும் கேக்கல, ஆக்சிஜன் வெச்சாங்க, ஊசி போட்டாங்க, நெஞ்சைச் சுத்திக் கட்டியிருந்த தண்ணியை மெல்லிசா ஒரு ஊசியில உறிஞ்சி எடுத்தாங்க. பொரி கொஞ்சம் அடங்குன பொறவு ஸ்கேன்ல நெஞ்சைப் பார்த்தாங்க. பொறவு ஒரு லென்ஸைப் புடிச்சு, கண்ணுக்குள்ள ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"என்ன சாப்பாடுங்க குடுக்கறீங்க?"

லட்சுமணசாமி சொன்னாரு. பாலு, தயிரு, பன்னீரு, நெய்யி. பெருமையாத்தான் சொன்னாரு. சொல்லச் சொல்ல டாக்டர் மொகம் மாறுனதைப் பார்த்ததும் கொரல் தானா எறங்கிப்போச்சு.

"கறி, மீனு?"

"எங்கூட்டுல அதெல்லாம் இல்லீங்க டாக்டரம்மா. வேண்டுதலுங்க. எங்க தோப்புல எல்லாப் பூனையும் பால்சோத்துலதான் வளர்ந்துச்சு."

"தோப்புல எலி இல்லீங்களா அங்கிள்?"

அவ்வளவுதான் கேட்டாங்க. லட்சுமணசாமி கண்ணுக்குள்ள தோப்பு வந்து நின்னுச்சு. தேங்காய்க் களம், வைக்கோல் போரு, ஓணான், எலி, அணிலு. காலையில வாசல்ல பாதி எலி கெடக்கும், அவரே எத்தனையோ தடவை ஈக்குமார்ல தள்ளிவிட்டிருக்காரு. பால்சோத்தை வெச்சது மட்டும் நெனப்புல நின்னுச்சு. எலியை யாரும் வெக்கல, அதுங்களே புடிச்சுத் தின்னுதுங்க. நாலாவது மாடியில, வலை கட்டுன பால்கனியில, பொரிக்கு எலி ஏது?

ஹிபா கோபப்படல. கோபப்பட்டிருந்தா அவருக்குத் தேவலையா இருந்திருக்கும்.

"டாரின்ங்கறது ஒரு சத்துங்க. இதயம் சுருங்கி விரியறதுக்கும், கண்ணுக்குப் பின்னால பார்வை பதியற திரைக்கும் அது வேணும். நம்ம ஒடம்பு அதைத் தானே செஞ்சுக்கும், நாயும் பெரும்பாலும் செஞ்சுக்கும். பூனை ஈரலால போதுமான அளவு செய்ய முடியாது. அதுக்கு மேல, பித்தத்துல கலந்து தினமும் வெளிய போயிக்கிட்டே இருக்கும். அதனால தினமும் உள்ள வரணும். அது கறியிலயும் மீன்லயும் எலியிலயும்தான் இருக்கு. அரிசியில, பருப்புல சுத்தமா இல்லை. பால்ல ஏதோ கொஞ்சம், அது காணாது."

"கேரட்டு குடுத்தேனே அம்மணி," பழனாத்தாள் அழுதுக்கிட்டே சொன்னாங்க. "கண்ணுக்கு நல்லதுன்னு."

"நமக்கு நல்லதுங்க ஆன்ட்டி. கேரட்டுல இருக்கறதை வைட்டமின் ஏ-வா மாத்திக்க பூனைக்கு வராது. அதையும் கறியில இருந்துதான் எடுத்துக்கணும். பூனை படைப்பே அப்படி."

"அந்த டாரினை மாத்திரையா குடுத்திருந்தா, சைவமாவே வெச்சிருக்கலாமுங்களா?" ஆத்துல போறவன் துரும்பைப் புடிக்கற மாதிரி கேட்டாரு லட்சுமணசாமி.

"அது ஒண்ணு மட்டுமில்லீங்களே. இன்னும் எத்தனையோ கறியில இருந்துதான் வரணும். ஊட்டுல அளந்து போட்டுச் சரிக்கட்டற விஷயமில்லை." கொஞ்சம் நிறுத்தி, "பார்வை இனித் திரும்பாதுங்க. இதயம் ஊதிப்போன பலூன் மாதிரி சுவர் மெலிஞ்சு கெடக்கு. அது தேறலாம். மாத்திரையும் கறித் தீனியும் குடுத்தா வாரக்கணக்குல மெதுவா தேறும். அது வரைக்கும் தாங்கணும். பெருத்த இதயத்துல ரத்தம் உறைஞ்சு கட்டி சேரும், அதுதான் எனக்குப் பயம்."

ஆக்சிஜன்ல வெச்சுப் பார்த்து, மூச்சு நிதானப்பட்ட பொறவு ஊட்டுக்கு அனுப்புனாங்க. வர்ற வழியிலயே கோழிக்கறி அடைச்ச பூனைத் தீனி டப்பா வாங்குனாரு. கதவுகிட்ட வந்து ஒரு நிமிஷம் நின்னாரு. பழனாத்தாள் அவரு கையில இருந்து பையைப் புடுங்கிக்கிட்டாங்க. "முருகன்கிட்ட நான் பேசிக்கறேன், நீங்க நகருங்க"ன்னு உள்ள போயி, தன் கையாலயே டப்பாவைத் தொறந்தாங்க.

அந்த வாசம் மூக்குல ஏறுனதும் பொரி தலையைத் தூக்குனான் பாருங்க! தட்டு எங்கன்னு தெரியாம சுவத்துல முட்டி, தடவித் தடவி வந்து, மொகத்தை அப்படியே உள்ள விட்டான். தட்டைத் தரையோட தரையா நக்குனான். தின்னுக்கிட்டே கொர்ர்ருன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை ஊட்டுல கேட்டு எத்தனை காலமாச்சுன்னு லட்சுமணசாமிக்கு அப்பத்தான் ஒறைச்சுது. இத்தனை நாளும் வயித்தை ரொப்பிக்கிட்டே பட்டினி போட்டிருக்கோம்னு தெரிஞ்சப்ப, அடுப்படியில அப்படியே உக்காந்துட்டாரு.

பொரி கொஞ்சம் தேறுன மாதிரிதான் இருந்தான். மருந்து, மாத்திரை எல்லாம் அவரே குடுத்தாரு. மூச்சை எண்ணிப் பார்த்துக்கிட்டே பக்கத்துல படுத்துக் கெடந்தாரு. அக்ஷயா கூப்பிட்டா மட்டும், "தூங்கறான் கண்ணு"ன்னு போனைத் திருப்பிக்குவாரு. நல்லாயிட்ட பொறவு சொல்லிக்கலாம்னு நெனப்பு. எத்தனை பேரு இப்படித்தான் நினைச்சிருக்காங்களோ.

அது நடக்கலீங்க. ஒரு விடியக்காலம் பொரி அலறுனான். பூனை அப்படி அலறும்னு அவருக்குத் தெரியாது. பின்னங்கால் ரெண்டும் துவண்டு கெடந்துச்சு. தொட்டா சில்லுன்னு இருந்துச்சு.

கிளினிக்குல ஹிபா பொரியோட பாதத்தைப் பார்த்தாங்க, தொடையில நாடி தேடுனாங்க. ஒண்ணும் கெடைக்கல. வலிக்கு ஊசி போட்டுட்டு மெதுவாச் சொன்னாங்க. "ரத்தக்கட்டி இறங்கி, ரெண்டு காலுக்கும் போற குழாயை அடைச்சுபோட்டுது. இந்த இதயத்தை வெச்சுக்கிட்டு இதுல இருந்து மீட்டுக்கொண்டு வர எனக்கு வழி தெரியலீங்க. வலி நிக்காது. தூங்க வெச்சு அனுப்பிடலாமுங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க அவருக்கு என்ன உரிமை இருக்குது? பூனை அவருதில்லை.

போனை எடுத்தாரு. ஸ்கிரீன்ல அக்ஷயா, தலை கலைஞ்சு, தூக்கக் கலக்கத்துல. "என்னப்பா இந்நேரத்துல?"ன்னவ, பின்னால மேசையையும், டாக்டர் கையில கெடந்த பொரியையும் பார்த்துப்போட்டா. அவரு சொல்ல வேண்டியதை ஹிபாதான் போனை வாங்கிச் சொன்னாங்க. கண்ணு, இதயம், காலு, தூங்க வெச்சு அனுப்பறது வரைக்கும் எல்லாம்.

அக்ஷயா போனை மொகத்துகிட்ட கொண்டுவந்தா. அப்பறம், "பொரி... டேய் பொரிக்குட்டி..."ன்னு கூப்பிட்டா.

பொரி காதை நிமித்துனான். மருந்து மயக்கத்துலயும் முன்னங்கால் ரெண்டையும் ஊனி, செத்த காலை இழுத்துக்கிட்டு, கொரல் வந்த தெசைக்கு நகர்ந்தான். கண்ணுதான் தெரியலையே. போனைத் தாண்டி வந்து லட்சுமணசாமி வயித்துல முட்டி, அங்கயே நின்னு, இதுதான் அக்ஷயான்னு நினைச்சுக்கிட்டு மொகத்தைத் தேய்ச்சான்.

"அப்பா," அக்ஷயா கொரல் ரொம்ப மெதுவா வந்துச்சு. "இத்தனை நாளா அவனுக்கு என்னப்பா குடுத்தீங்க?"

வேண்டுதல்னு சொல்ல வாயெடுத்தாரு. உனக்காகத்தான்னு சொல்ல வேண்டி வருமே! பெத்த புள்ள தலையில அதை எப்படி எறக்கி வெக்கறது? முழுங்கிக்கிட்டாரு.

"நாங்க தின்னதைத்தான் கண்ணு," ன்னாரு. "எங்களுக்குப் போட்டுக்கிட்டதுக்கு ஒரு கரண்டி கூடவேதான் போட்டோம்."

அக்ஷயா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, டாக்டரைப் பார்த்துத் தலையாட்டுனா. ஹிபா ஊசியை எடுத்தாங்க. பொரி அவரு சட்டையை நக்கிக்கிட்டிருந்தான்.