பிரகலாதனின் இருக்கை

அன்று மழை பெய்ததா, பிறகு வந்த மழைகளில் ஒன்று அந்த நாளோடு ஒட்டிக்கொண்டதா என்பது தாரிகாவுக்கு இப்போது நிச்சயமில்லை. கோப்பாயில் அந்த இணைய இணைப்பு நிறுவனத்தின் சிறிய அறையில், பிரகலாதன் விட்டுப்போன வாடிக்கையாளர் சேவை வேலைக்கு ஆள் தேடி, அவளும் முகாமையாளர் செல்வரட்ணமும் இரண்டு பேரை நேர்முகம் கண்டது மட்டும் உறுதி.

கேள்விகளை எழுதியவள் அவள்தான். ஒவ்வொன்றின் கீழும் நல்ல பதில் எப்படி இருக்கும் என்றும் எழுதியிருந்தாள். கோபமாக அழைத்தவரை முழுதாகப் பேசவிட்டது, பிரச்சினையைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தியது, முடியாததை மறைக்காமல் சொன்னது, சொன்ன நேரத்தில் திரும்ப அழைத்தது. உண்மையில் நடந்த ஒரு சம்பவம் இல்லாவிட்டால், நான்கு புள்ளிகளில் இரண்டுக்கு மேல் போடக்கூடாது. எழுதி முடித்தபின்தான் தெரிந்தது, அதெல்லாம் பிரகலாதன் பக்கத்து மேசையில் இருந்து செய்தவை. கனடா போய் அழைக்கிறேன் என்றவன் அவளை மட்டும் அழைக்கவில்லை.

முதலில் ஜெரிசன் வந்தான். பிரகலாதனின் அதே தாழ்ந்த குரல். பதில் சொல்லுமுன் அதே மௌனம். அவள் கை தானாகவே நான்கு போட்டது.

"நான் எப்பவும் பொறுமையாக் கதைப்பன் அக்கா."

"அப்பிடிக் கதைச்ச ஒரு நாளைச் சொல்லுங்கோ."

"எத்தினையோ நடந்திருக்கு."

"ஒண்டு போதும்."

அவன் யோசித்தான். அந்த மௌனம் முடியவேண்டாம் என்று அவளுக்கு இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை.

அடுத்தவள் கேதீஸ்வரி, கொடிகாமத்தில் நீர்ப்பம்பி விற்கும் கடையில் வேலை செய்தவள். மூச்சு விடாமல் பேசினாள்.

"வெங்காயம் நட்ட கிழமை பம்பி எரிஞ்சுபோச்செண்டு ஒரு ஐயா வந்து கத்தினார். நாங்கள் அவரைக் கத்தி முடிய விட்டம். பிறகு..."

"நாங்கள் எண்டால் ஆர்?" என்று தாரிகா கேட்டாள்.

"கடையிலை நான் மட்டுந்தான்."

"அப்ப ஏன் நாங்கள்?"

"நான் நான் எண்டால் பெருமை அடிக்கிற மாதிரியெல்லோ."

செல்வரட்ணம் சிரித்தார். "இஞ்சை அதுக்குத்தான் பிள்ளை புள்ளி. பெருமையை அடியும்."

புதுப் பம்பி உடனே தரமுடியாது, கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை ஆகும் என்று நேரே சொன்னதையும், அதுவரைக்கும் கடையின் பழைய பம்பியைக் கொடுத்ததையும், சொன்னபடி பின்னேரம் அழைத்துத் தண்ணீர் பாய்கிறதா என்று கேட்டதையும் அவள் சொன்னாள்.

"அவர் பிறகும் வந்தவரோ?" என்று தாரிகா கேட்டாள்.

"ஓம். குழாய் வாங்க. அப்பவும் ஏசினவர்."

அவள் போனபின் புள்ளிகளை ஒப்பிட்டார்கள்.

"பெடியன்ரை குரலைக் கேட்டனீரோ? எங்கடை பிரகலாதன் மாதிரி," என்றார் செல்வரட்ணம்.

"ஓம் அண்ணை," என்றாள் தாரிகா. "அதுக்குப் புள்ளி இல்லை." நான்கை வெட்டி, இரண்டு என்று எழுதினாள்.

கேதீஸ்வரி அந்த இருக்கையில் இப்போதும் இருக்கிறாள், உரத்த குரலில். ஜெரிசன் சாவகச்சேரியில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிறான். செல்வரட்ணம் ஓய்வுபெற்று மகளோடு இருக்கிறார். பிரகலாதன் ரொறன்ரோவில் கலியாணம் கட்டினான். தாரிகா இன்னும் கட்டவில்லை. அதே மேசையில்தான் வேலை செய்கிறாள்.