மேனிஃபெஸ்டில் திறந்து கிடந்த கதவு

எந்த ஆண்ட்ராய்டுக்கானது என்று சொல்லும் டார்கெட்டைப் பன்னிரண்டாக மாற்றிய அன்று எங்கள் மருத்துவமனை ஆப் இன்ஸ்டால் ஆகவில்லை. வெளியிலிருந்து வரும் அழைப்பை ஏற்கும் 'இன்டென்ட் ஃபில்டர்' வைத்த ஏழு திரைகளில் ஒவ்வொன்றையும் மற்ற ஆப்கள் திறக்கலாமா கூடாதா என்று ஆப்பின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் 'எக்ஸ்போர்ட்டட்' ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று எழுதிச் சொல்லியாக வேண்டுமாம்.

எங்கள் டீம் லீடுக்கு 'அவசரம்' என்றுதான் பெயர். "ஏழு இடத்துலயும் ட்ரூ போட்டுடும்மா, வேலை முடிஞ்சுது," என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "படிக்காம எப்படி சார் போடுறது?"

வரிவரியாகப் படித்தேன். முகப்புத் திரைக்கு ட்ரூதான். ஃபோன் அதைத் திறக்க வேண்டுமே. ஆனால் நோயாளியின் ரிப்போர்ட் திரையிலும் ஒரு ஃபில்டர் இருந்தது. முன்பெல்லாம் ஃபில்டர் இருந்து, வேறெதுவும் எழுதாவிட்டால், சிஸ்டமே ட்ரூ என்று எடுத்துக்கொள்ளும். ஒரு டெஸ்ட் ஆப்பிலிருந்து எங்கள் பழைய வெர்ஷனின் ரிப்போர்ட் திரையைக் கூப்பிட்டேன். லாகின்கூடக் கேட்காமல் ரிப்போர்ட் திறந்தது.

"எந்தப் புண்ணியவான் எழுதினது?" என்றார், எட்டிப் பார்த்த லீட்.

"நான்தான் சார். மூணு வருஷத்துக்கு முன்னாடி."

ரிப்போர்ட் திரைக்கு ஃபால்ஸ் போட்டு மறுபடி கூப்பிட்டேன். அனுமதி இல்லை என்று சிஸ்டம் துரத்திவிட்டது. மாற்றக் குறிப்பில், "என் தவறு, நானே மூடினேன்" என்று எழுதிக் கீழே என் பெயரைப் போட்டேன். இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து எந்த வேலைக்கும் நான் பெயர் போட்டதில்லை.