கோட்டைத் தாண்டாத புள்ளி

மேசையின் மறுமுனையில் இருந்து வீசிய விடைத்தாள் கட்டு, டீச்சரின் முழங்கையில் பட்டு நின்றது.

"பதினோரு பேப்பர். ஒவ்வொண்ணுலயும் மூணு மார்க் அதிகம். விடைக்குறிப்பைப் படிச்சீங்களா, இல்ல அதை வெச்சு விசிறிட்டு இருந்தீங்களா டீச்சர்?"

கேட்டவர் தலைமைத் தேர்வாளர். அறையில் இருந்த எட்டுப் பேருக்கும் அவர் சார். டீச்சருக்கு மட்டும் அக்காவின் கணவர். அத்தான் என்று அவரைக் கூப்பிட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது.

அவர் முன்னால் ஒரு மெமோ, பாதி எழுதப்பட்டு இருந்தது. டீச்சருக்கு அது இரண்டாவது மெமோ. இரண்டாவது வந்தால் தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்து பெயர் போய்விடும். அதைத் தவிர்க்க ஒரே வழிதான் இருந்தது. பதினோரு தாள்களிலும் மதிப்பெண்ணைக் குறைத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

டீச்சர் கட்டைப் பிரித்து மேலே இருந்த தாளை எடுத்தாள். முப்பத்தெட்டாவது கேள்வி. x³-ஐ (x−2)²-ஆல் வகுத்தால் வரும் சார்பின் வகைக்கெழு, அதாவது அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அளவு, எந்தெந்த x மதிப்புகளில் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்கும் என்று குறி அட்டவணை போட்டுக் காண வேண்டும். வகைக்கெழுவுக்கு இரண்டு, அட்டவணைக்கு இரண்டு, விடைக்கு ஒன்று. ஊர் பேர் தெரியாத அந்தப் பிள்ளை வகைக்கெழுவைச் சுத்தமாகச் சுருக்கியிருந்தது: x²(x−6) மேலே, (x−2)³ கீழே. அட்டவணையில் நான்கு வரிசைகள், நான்கு இடைவெளிகள். கடைசி வரிசையில் இடமிருந்து வலமாகக் கூட்டல், கூட்டல், கழித்தல், கூட்டல்.

விடைக்குறிப்பில் இருந்தது கழித்தல், கூட்டல், கழித்தல், கூட்டல்.

விடைக்குறிப்பு எழுதியவர் இந்தத் தலைமைத் தேர்வாளர்தான். அவருக்கு அலை சார் என்று ஒரு பெயர் உண்டு. எண்கோட்டின் வலது மேல் மூலையில் பேனாவை வைப்பார். எடுக்காமலே ஒவ்வொரு புள்ளியிலும் கோட்டைக் கடந்து கீழே, மேலே, கீழே என்று ஓர் அலையை ஓட்டுவார். பிள்ளைகளுக்கு அது மந்திரம் மாதிரி. காரணிகள் எல்லாம் ஒற்றைப்படை அடுக்காக இருக்கும்வரை மந்திரம் பலிக்கும். வர்க்கம் வந்து உட்கார்ந்த இடத்தில் அலை கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், கடக்கக் கூடாது.

இது அவருக்குத் தெரியாததல்ல. மூன்று வருடத்துக்கு முன்னால், அவர் எழுதிய கையேட்டில் இதே ஓட்டையை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவருடைய சக ஆசிரியர்கள் முன்னால் டீச்சர்தான் காட்டினாள். அடுத்த பதிப்பில் அவர் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். டீச்சர் அந்த வீட்டுப் படி ஏறுவதும் அன்றோடு நின்றது. ஆகவே அவர் மூளைக்குத் தெரியும். கைதான் பழைய வழியிலேயே ஓடியிருக்கிறது.

"என்ன, மௌன விரதமா?" என்றார்.

"விடைக்குறிப்பு தப்பு சார்."

அறையில் எட்டுப் பேனாக்களும் நின்றன. பக்கத்தில் இருந்த வழுக்கை சார் மட்டும் மெதுவாக, "சாப்பிட்டு வந்து சண்டை போடலாமே, காலி வயித்துல கணக்கு வராது" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"தப்பா? நாலு பேர் பார்த்து சீல் வெச்ச குறிப்பு இது. உங்க ஒருத்தருக்குத்தான் கண்ணு இருக்கா?"

"x ஸ்கொயர்டு பூஜ்யத்துக்கு ரெண்டு பக்கமும் பிளஸ்தான் சார். பூஜ்யத்துல குறி மாறாது. ரெண்டுல மூணாம் அடுக்கு, அங்க மாறும். ஆறுல மாறும். அவ்வளவுதான்."

"வகுப்பு எடுக்காதீங்க."

"சரி, எடுக்கல." டீச்சர் எழுந்து கரும்பலகைக்குப் போனாள். "மைனஸ் ரெண்டுல சார்போட மதிப்பு என்ன, யாராவது சொல்லுங்க."

மின்விசிறியின் கிரீச் சத்தம் மட்டும் கேட்டது. இந்த அமைதியை டீச்சருக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் அன்றைக்கும் இதேதான் கவிந்தது. அக்கா அப்போது தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டு, ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தாள்.

"மைனஸ் எட்டு, பை பதினாறு. மைனஸ் அரை" என்றார் வழுக்கை சார், தன் தலையைத் தடவிக்கொண்டே.

"மைனஸ் ஒண்ணுல?"

"மைனஸ் ஒண்ணு பை ஒன்பது." அவர் நிறுத்தினார். "அட. ஏறுதே."

"குறிப்புப்படி அந்தப் பக்கம் முழுக்க இறங்கணும்" என்றாள் டீச்சர்.

தலைமைத் தேர்வாளர் கரும்பலகையைப் பார்க்கவில்லை. குறிப்பை எடுத்து, ஓரத்தில் ஒரு கோடு போட்டு, வலது மூலையில் பேனாவை வைத்தார். பேனா ஆறைக் கடந்தது, இரண்டைக் கடந்தது, பூஜ்யத்துக்கு வந்து நின்றது. பேனா கோட்டைத் தொட்டு, மேலேயே திரும்பியது.

டீச்சருக்கு ஒரு கணம் உள்ளே இனித்தது. அந்த இனிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

"சரி. திருத்தம் போடறேன்" என்றார். "விடையைச் சொல்லுங்க டீச்சர். உங்க வாயாலயே சொல்லுங்க."

"x ரெண்டைவிடச் சின்னது. இல்லன்னா ஆறைவிடப் பெருசு."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"பூஜ்யத்துல வகைக்கெழு எவ்வளவு?"

அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க. எவ்வளவு?"

"பூஜ்யம்."

"பூஜ்யம் பூஜ்யத்தைவிடப் பெருசா? கேள்வி பெருசுன்னுதான் கேக்குது. சார்பு எங்க ஏறுதுன்னு கேட்டிருந்தா நீங்க சொன்னது சரி. இங்க அந்த ஒரு புள்ளியை எடுத்துட்டுத்தான் எழுதணும். குறி மாறலன்னு கண்டுபிடிச்ச ஆளு, அங்க ஒரு ஓட்டை இருக்குன்னு பாக்கல."

அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவசரமே இல்லை. நான்கு பிள்ளைகள் பூஜ்யத்தை விலக்கி எழுதியிருந்தன. ஏழு பிள்ளைகள் விலக்கவில்லை. டீச்சர் பதினோரு பேருக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தாள்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. அக்காவாகத்தான் இருக்கும். காலையிலேயே சொன்னாள்: "அவர் அறையிலதான் உன்னையும் போட்டிருக்காங்களாம். வம்பு வளக்காத, சாயங்காலம் என் தலைதான் உருளும்." டீச்சர் எடுக்கவில்லை.

அவர் மெமோவை இழுத்து, பதினொன்று என்பதை அடித்து ஏழு என்று எழுதினார். மூன்று என்பதை அடித்து ஒன்று என்று எழுதினார். மற்ற வரிகளைத் தொடவே இல்லை. காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"ஒரு மார்க்குக்கா சார்?" என்றார் வழுக்கை சார்.

"தப்பு தப்புதான். நம்ம டீச்சர் கொள்கை அது."

டீச்சர் மெமோவைப் படித்தாள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பேனாவைத் திறந்தாள்.

"முதல்ல குறிப்புல திருத்தத்தை எழுதுங்க. எந்தப் புள்ளியில தப்பு, ஏன் தப்பு, எல்லாம். எழுதி, உங்க பேரு போட்டுக் கையெழுத்து. எல்லா அறைக்கும் போகட்டும். அப்புறம் இதுல நான் போடறேன்."

"எனக்கே கட்டளையா?"

"ஆமா அத்தான்."

அந்தச் சொல் அறைக்குள் தவறி விழுந்த தட்டு மாதிரி இருந்தது. இவர்களுக்குள் இப்படி ஓர் உறவு இருப்பது மற்றவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் அவளையே பார்த்தார். அவளும் பார்வையை எடுக்கவில்லை. வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துப் போனார்கள்.

பிறகு அவர் எழுதினார். பூஜ்யத்தில் இரட்டைப்படை அடுக்கு, குறி மாறாது, அப்புள்ளி மட்டும் விடையில் சேராது. பெயர். கையெழுத்து. பேனா முனை தாளைக் கிழித்திருந்தது.

டீச்சர் மெமோவில் கையெழுத்துப் போட்டாள். ஏழு தாள்களை எடுத்து ஐந்தை நாலாக்கினாள். மிச்சம் நாலு தாள்களைத் தொடவில்லை.

போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்தத் தடவை அவர் சட்டைப் பையில். அவரும் எடுக்கவில்லை.