ஊடாக

றஜிதா பதவியை விட்டுப் போய்விட்டாள் என்று அறிவிக்கும் கடிதத்தை றஜிதாவின் கையிலேயே கொடுத்தார்கள். காலை எட்டேகாலுக்கு வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைத்துவிட்டு, முதல் நாள் எடுத்த கிணற்று நீர் மாதிரிகளின் விவரத்தை எழுதிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். கொடுத்தவர் பிரதேச செயலாளர் நதானியேல்.

'முதலாம் திகதியிலிருந்து அறிவித்தலின்றிக் கடமைக்குச் சமுகமளிக்காமையால் தாங்கள் பதவியை வறிதாக்கியவராகக் கருதப்படுகிறீர்கள்.' மேலே அவளுடைய பெயர். அதற்குக் கீழே, 'பிரதேச செயலாளர் ஊடாக'.

அரசாங்கக் கடிதம் ஒருநாளும் நேரே வராது. எவருடைய அதிகாரத்தின் கீழ் இருக்கிறோமோ அவருடைய கையால்தான் வரவேண்டும், போகவேண்டும். அதற்குத்தான் இந்த 'ஊடாக'. அப்படியென்றால் அவள் இங்கே இருக்கிறாள் என்று கடிதம் எழுதிய நீர்வளத் திணைக்களத்துக்குத் தெரிந்திருக்கிறது. இருக்கிறவளை எப்படி இல்லையென்று எழுதினார்கள்? பதினொரு வருட வேலை ஒரு பக்கத் தாளில் போய்விட்டது.

"சேர், நான் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு முன்னாலைதானே இருக்கிறன்!"

"ஓம் பிள்ளை, அதுதான் எனக்கும் விளங்கேல்லை," என்றார் நதானியேல். "முதலாந் திகதியிலையிருந்து உங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லித் திணைக்களத்தாலை கேட்டவை. நான் விடேலாது எண்டு எழுதினன். உங்களுக்குப் பதிலா எமில்ராஜை வியாழக்கிழமை விடுவிச்சும் விட்டன். பிறகென்ன?"

நீர்வளத் திணைக்களம் அவளையும் எமில்ராஜையும் பிரதேச செயலகத்துக்கு இணைப்பாக அனுப்பி மூன்று வருடம். பெயர் திணைக்களத்தில், கதிரை இங்கே. திணைக்களம் வா என்றது, செயலகம் இரு என்றது. எதிரே இருப்பவர் சொன்னதை அவள் கேட்டாள். வேறு யார்தான் என்ன செய்திருப்பார்கள்?

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்த திணைக்களத்துக்குப் பறந்தாள்.

உதவிப் பணிப்பாளர் கேதீஸ்வரனின் மேசையில் கோப்புகள் அவருடைய கண்ணாடி வரைக்கும் உயர்ந்திருந்தன. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்கோ. நீங்கள் ஆர்?"

சம்பள உயர்வுக்கான வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சைக்கு இதே மனிதர்தான் றஜிதாவுக்கு வகுப்பெடுத்தார். ஓர் உத்தியோகத்தருக்கு ஒரே ஒரு மேலதிகாரிதான் கட்டளையிட வேண்டும், அது கட்டளை ஒருமைப்பாடு. ஒரு மேலதிகாரி எத்தனை பேரை நேரே பார்க்கமுடியுமோ அத்தனை பேர்தான் அவருக்குக் கீழே இருக்கவேண்டும், அது கட்டுப்பாட்டு வீச்சு. கரும்பலகையில் படம் கீறி, "மறந்தும் மறக்காதேங்கோ" என்று சொன்னார். அவள் மறக்கவில்லை. எண்பத்திரண்டு புள்ளி எடுத்தாள்.

"நான்தான் சேர் றஜிதா. நீங்கள் இல்லையெண்டு கையெழுத்து வைச்ச ஆள்."

அவர் முகம் சுருங்கியது. "நீங்கள் வெளிநாடு போட்டியள் எண்டெல்லோ நினைச்சன்..." பிறகு தாழ்ந்த குரலில், "எனக்குக் கீழை நாப்பத்தொரு பேர், பிள்ளை. வாற எல்லாத்திலையும் கையெழுத்து வைக்கிறன். எல்லாத்தையும் வாசிக்க நேரமில்லை," என்றார்.

முன்பு அப்படி இல்லை. நான்கு மேற்பார்வை உத்தியோகத்தர்கள் இருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் பத்துப் பேர். றஜிதாவும் எமில்ராஜும் பஞ்சலிங்கத்தின் பத்துப் பேரில் இருந்தார்கள். ஒன்பது மணிக்கு ஆளைக் காணாவிட்டால் பஞ்சலிங்கத்தின் போன் வந்துவிடும். "காய்ச்சலோ? பனடோல் போட்டனியளோ?" என்று கேட்டு உயிரை எடுப்பார். அந்த நான்கு பேரும் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடங்களை நிரப்பவில்லை. நாற்பது பேரும் அப்படியே கேதீஸ்வரனின் தலையில் விழுந்தார்கள், லிகிதர் கோபிகாவையும் சேர்த்து நாற்பத்தொன்று.

"பிரதேச செயலாளர் பதில் எழுதினவராம், சேர்."

கேதீஸ்வரன் மேசையிலிருந்த கடிதத் தட்டைக் கிண்டினார். நதானியேலின் கடிதம் உடைபடாமல் அடியில் கிடந்தது. உடைத்து வாசித்தார்.

"கோபிகா! எமில்ராஜ் இஞ்சை வந்தவரோ?"

கோபிகா வாசலில் வந்து நின்றாள். "வெள்ளிக்கிழமை வந்தவர் சேர். அவரின்ரை இணைப்பை நாங்கள் ரத்துச் செய்யேல்லை, திரும்பிச் செயலகத்துக்குப் போங்கோ எண்டு அனுப்பிவிட்டன். உங்கடை தட்டிலை இந்தக் கடிதம் கிடக்கிறது எனக்குத் தெரியாது."

"அங்கை வரேல்லையே!" என்றாள் றஜிதா. "அவரின்ரை கதிரை வெறுமையாத்தான் கிடக்கு. இஞ்சை இருக்கிறார் எண்டெல்லோ நாங்கள் நினைச்சம்."

"நாங்கள் அங்கை எண்டு நினைச்சம்," என்றாள் கோபிகா.

அன்று செவ்வாய்க்கிழமை. இருக்கிற ஒருத்தியை இல்லையென்று எழுதிய கந்தோர், இல்லாத ஒருவரை இருக்கிறாரென்று வைத்திருந்தது. இரண்டு பேருக்குக் கீழே இருந்த மனிதரை ஒருவரும் தேடவில்லை. வெள்ளியும் திங்களும் அந்த வெறுங்கதிரையைக் கடந்துதான் றஜிதாவும் தேத்தண்ணி குடிக்கப் போனாள். அதை நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

எமில்ராஜின் போன் அடிக்கவில்லை. மனைவி செத்துப் பண்டத்தரிப்பில் தனியே இருக்கிற மனிதர், வயது ஐம்பத்தெட்டு. கேதீஸ்வரன் தானே வாகனச் சாவியை எடுத்தார்.

வெங்காயத் தோட்டத்துக்குப் பின்னால் தனி வீடு. முன்கதவு சாத்தியிருந்தது, பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே போன றஜிதா கத்திய கத்தலில் கேதீஸ்வரன் வாசற்படியில் தடுக்கி விழப் பார்த்தார்.

குளியலறைத் தரையில் எமில்ராஜ் கிடந்தார். கந்தோருக்குப் போடுகிற அதே காற்சட்டை. இடுப்பு முறிந்திருந்தது. கை எட்டும் தூரத்தில் வாளி, அடியில் கொஞ்சம் தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் நான்கு நாள் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் மெல்லத் திறந்தது. அந்தக் கண் முதலில் தேடியது றஜிதாவை அல்ல, உதவிப் பணிப்பாளரை.

"சேர்..." குரல் தரையிலேயே உரசி வந்தது. "குறை நினைக்காதேங்கோ. லீவு போடேல்லை. ஆருக்குப் போடுறதெண்டு தெரியேல்லை."

கேதீஸ்வரன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். றஜிதா அழுதுகொண்டே சால்வை நுனியை நனைத்து எமில்ராஜின் உதட்டில் வைத்தாள்.

அம்புலன்ஸ் அவரைக் கொண்டுபோன பிறகும் கேதீஸ்வரன் வாசற்படியை விட்டு எழும்பவில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. "பிள்ளை, உம்மடை கடிதத்தை ரத்துச் செய்யச் சொல்லி நான் மேலை எழுதிறன். நீர் ஒரு விளக்கம் மட்டும் எழுதித் தாரும்," என்றார்.

"ஆர் ஊடாக, சேர்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஒருத்தர் ஊடாகவும் வேண்டாம். இனி நேரே எனக்குக் கீழைதான் நீர். நேரே என்னட்டைத் தாரும்."

றஜிதா உள்ளே திரும்பிப் பார்த்தாள். குளியலறைத் தரையில் அந்த வாளி இன்னும் அப்படியே இருந்தது.

"எமில்ராஜ் அண்ணையும் நேரே உங்களுக்குக் கீழைதான் இருந்தவர், சேர்," என்றாள். "நாப்பத்தொரு பேரிலை ஒருத்தர்."