செய்தி வாசிக்கும் கோட்டு

அளவு நாடா இடுப்பைத் தொட்டதும் நாத்தனாரின் வயிறு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அண்ணிக்கு அது தெரியும். தெரிந்தும் அன்று நாடா காட்டியதையே நம்பிக் கோட்டுக்குத் துணியை வெட்டிவிட்டாள்.

நாத்தனார் வானொலியில் செய்தி வாசிப்பவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் யாருக்கும் தெரியாது. இப்போது தொலைக்காட்சியில் ஓர் இடம் காலியாகி, மறுநாள் காலை கேமரா முன் தேர்வு. அவளோடு போட்டியிடுகிறவள், ஒல்லியான உடம்பால் 'ஊசி' என்று பெயரெடுத்த சக ஊழியர்.

"கழுத்து வரைக்கும் மூடியிருக்கணும் அண்ணி. தொப்புள் மேல இறுக்கமா ஒரு பொத்தான். இடுப்பு இருக்குன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

"இடுப்பு அங்க இல்லையே. அங்க வயிறுதான் இருக்கு."

"சொன்னதைத் தைச்சுக் குடுங்க."

அண்ணி நல்ல தையல்காரி, ஆனால் கட்டிக்கொண்ட வீட்டில் சமாதானமாக வாழ விரும்புகிறவள். தைத்தாள்.

அன்று மாலை, தையல் அறையில், தற்காலிகமாகப் போட்ட ஓட்டுத் தையலிலேயே போட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி முன் நாத்தனார் மூச்சுவிடாமல் நின்றாள். கோட்டும் ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. வாசலில் டீயோடு வந்த அண்ணன், "சிலை மாதிரி இருக்கே," என்றான்.

"சிலைக்குச் செய்தி வாசிக்கற வேலை இல்ல. உக்காந்து வாசி பார்ப்போம்," என்றாள் அண்ணி.

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து, "வணக்கம். தலைப்புச் செய்திகள்," என்றாள். இரண்டாவது செய்திக்கு அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள். இரண்டு பக்கத் தையலும் படபடவென்று பிரிந்தன.

அண்ணன் டீயைக் குடிப்பதுபோல் சிரிப்பை மறைத்தான்.

"ஊசியே போகட்டும். நான் ரேடியோவோட இருந்துக்கறேன்," என்றாள் நாத்தனார். குரல் உடைந்திருந்தது. அந்தக் குரல் உடைந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"தையல்தான் பிரிஞ்சுது, நீ எதுக்குப் பிரியறே? எந்திரி. வாசிச்சுக்கிட்டே இரு."

"எதுக்கு?"

"வாசிக்கும்போதுதான் நீ வயித்தை மறக்கறே."

நாத்தனார் பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து மழை, விபத்து, விளையாட்டு என்று வாசித்துத் தள்ள, அண்ணி நாடாவைச் சுற்றினாள். நாடா இந்த முறை வேறு கதை சொன்னது. நல்லவேளையாக, பக்கத் தையலுக்குள் அவள் தாராளமாகத் துணி விட்டிருந்தாள்.

வேலை செய்துகொண்டே விளக்கினாள். விளக்காமல் அவளுக்குக் கை ஓடாது.

"இங்க பாரு, விலா எலும்பு முடியற இடம், மார்புக்குக் கீழ. உன் உடம்புல இதுதான் ஒடுங்கின இடம். பொத்தானை இங்க ஏத்தறேன். இதுக்குக் கீழ கோட்டு பிடிக்காம விரிஞ்சு விழும். நீளம் வயித்தோட மேட்டைத் தாண்டித்தான் முடியணும். மேட்டு மேலயே முடிஞ்சா, விளிம்பு அங்கேயே கோடு போட்டுக் காட்டிக்குடுத்துடும்."

பிறகு மூடிய கழுத்தை 'வி' வடிவத்தில் வெட்டி இறக்கினாள்.

"அய்யோ, கழுத்து போச்சே," என்றாள் நாத்தனார்.

"இப்பதான் கழுத்தே வந்திருக்கு. மூடியிருந்தா கழுத்துலேர்ந்து வயிறு வரைக்கும் ஒரே சுவரு. இப்ப ரெண்டு கோடும் பார்க்கறவங்க கண்ணை முகத்துக்குக் கூட்டிட்டுப் போகும்."

கோட்டின் தோளுக்குள் மெல்லிய பஞ்சுப் பட்டை வைத்தாள். தோள் விறைத்து நின்றதும் கீழே உள்ளதெல்லாம் ஒரு பங்கு குறைந்த மாதிரி ஆனது. உள்ளே கருநீலத்தில் ஒரே நிறச் சட்டை. திறந்த கோட்டின் நடுவே அது நெட்டுக்குத்தாக இறங்கியது.

"உக்காரும்போது பொத்தானைக் கழட்டிடு. உள்ள நீ விரிஞ்சா அது உன் சொந்த விஷயம்."

நாத்தனார் உட்கார்ந்து முழுச் செய்தியும் வாசித்தாள். எதுவும் பிரியவில்லை. அண்ணன் வந்து எட்டிப் பார்த்து, "யாரு இது, நம்ம வீட்டுப் பொண்ணா?" என்றான்.

"டீயைக் குடிங்க," என்றாள் அண்ணி.

மறுநாள் மதியம் நாத்தனார் வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள்.

"அண்ணி, கேமரா எதுவரைக்கும் காட்டுச்சு தெரியுமா? மார்பு வரைக்கும். அதுக்குக் கீழ மேசை."

அண்ணி கையில் இருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். "அப்ப வயிறு?"

"தெரியவே இல்ல. கழுத்தும் தோளும் மட்டும்தான். நல்லா மூச்சு விட்டு வாசிச்சேன். ஊசி இறுக்கமா மாட்டிக்கிட்டு வந்து, நடுவுல ரெண்டு தடவை இருமிட்டா."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. ஆனா..." நாத்தனார் எழுந்து அறையின் நடுவில் நின்றாள். "வானிலையும் நான்தானாம். அது நின்னுக்கிட்டே சொல்லணும். தலையிலேர்ந்து கால் வரைக்கும் தெரியும்."

அண்ணி நாடாவை எடுத்தாள். நாடா இடுப்பைத் தொட்டது. வயிறு பழக்கதோஷத்தில் உள்ளே நழுவப் பார்த்தது.

நாத்தனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"வணக்கம். இன்றைய வானிலை," என்று தொடங்கினாள். வயிறு நிம்மதியாகத் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது.