மைனஸ் எட்டு

கமராக்காரன் ரொனி எடுக்கும் கல்யாணப் படங்களில் மணப்பெண்களுக்குத் தோடு மட்டும் பளிச்சென்று விழும், கண் மங்கியிருக்கும்.

"பொண்ணு அசைஞ்சிட்டா, றேணுகாக்கா."

எல்லாப் பெண்களுமா அசைவார்கள்? எரிச்சலோடு எங்கள் வெள்ளவத்தை ஸ்டூடியோவில் அவனுடைய கமராவை ஸ்டாண்டில் பூட்டி, அளவுகோல் அட்டையைச் சாய்த்து வைத்தேன். பூச்சியத்தில் ஃபோகஸ் பண்ணினால், கண்ணுக்குப் பின்னால் தோடு விழுந்ததுபோல, அதற்குப் பின்னாலுள்ள கோடுகளே தெளிவாக விழுந்தன. கமராவின் மெனுவில் அந்த லென்ஸுக்கு ஃபோகஸ் திருத்தம் மைனஸ் எட்டு வைத்ததும் பூச்சியம் கூர்மையாக வந்தது.

"இனி லென்ஸ் சரி," என்றான் ரொனி.

சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் சேர்ச் கல்யாணம். திங்கட்கிழமை படங்களைத் திறந்தால், மறுபடியும் தோடு!

"எந்தக் கமராடா?"

"மத்தது. லென்ஸ் அதேதானே, நீங்க திருத்தினது."

"திருத்தம் கமராவுக்குள்ள இருக்கு, மடையா! லென்ஸுக்கு ஒண்டும் தெரியாது."

அந்நேரம் பார்த்து மணப்பெண்ணின் அம்மா வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, தோடு என்ன வடிவா விழுந்திருக்கு! இதையே பெருசா அடிச்சுத் தாங்கோ."

ரொனி என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் மற்றக் கமராவைத் திருத்தாமலே, அதில் 'தோடு' என்று எழுதி ஒட்டினேன்.